3-ஐப் பார்க்காமலே 3-ஐக் கற்ற மாணவன்

நாலைந்து வாரமாக மாலை நேரங்களில் செய்துவரும் ஒரு சோதனையின் குறிப்புகள் இவை. நாலெட்ஜ் டிஸ்டிலேஷன் என்றால் என்ன என்று படித்தபோது அடிப்படை புரிந்தது. பெரிய நியூரல் நெட்வொர்க் ஒன்றை முதலில் பயிற்றுவிக்கிறோம், அது ஆசிரியர். அப்புறம் சின்ன நெட்வொர்க் ஒன்று சரியான விடையை மட்டும் பார்க்காமல், ஆசிரியர் ஒவ்வொரு விடைக்கும் எவ்வளவு வாய்ப்பு தருகிறார் என்பதையும் பார்த்துக் கற்கிறது, அது மாணவன். (இரண்டுமே வெறும் எண் அடுக்குகள்தான். இருந்தாலும் ‘அவர்’, ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன், குழப்பம் குறையும்.)

நம்ப முடியாமல் இருந்தது வேறொன்று. 2015இல் ஜெஃப்ரி ஹின்டன், ஓரியோல் வின்யால்ஸ், ஜெஃப் டீன் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு சின்னச் சோதனை வருகிறது. கையால் எழுதிய இலக்கங்களின் எம்நிஸ்ட் தொகுப்பில் இருந்து 3 என்ற இலக்கத்தின் படங்கள் எல்லாவற்றையும் மாணவனிடமிருந்து மறைத்துவிட்டார்கள். அப்படியும் அவன் 3-ஐ அடையாளம் கண்டான். அதைச் செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஆசிரியர்

இது சீக்கிரம் முடிந்தது. 1200 அலகுகள் கொண்ட இரண்டு மறை லேயர்கள், நடுவில், பயிற்சியின்போது சில அலகுகளைத் தற்செயலாக அணைத்து வைக்கும் டிராப்அவுட். பயிற்சிக்கான 60,000 படங்களில் 5,000-ஐத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியில் பயிற்றுவித்தேன். 10,000 தேர்வுப் படங்களில் 112 தவறு. கட்டுரையில் இருப்பவருக்கு 67தான். அவர்கள் படங்களை இரண்டு பிக்சல் வரை அங்கே இங்கே நகர்த்தியும் பயிற்சி கொடுத்தார்கள், நான் அந்த வேலையைச் செய்யவில்லை. போதும் என்று விட்டேன்.

3 எங்கிருந்து வரும்?

ஓடவிடுவதற்கு முன் இதைத்தான் தாளில் போட்டுப் பார்த்தேன். மாணவனுக்கு 3 என்ற படமே கிடையாது, ஆனால் 8 உண்டு. இரண்டு வட்டமும் அழகாக மூடிய 8 ஒன்றை ஆசிரியரிடம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். கடைசி லேயரில் இருந்து வரும் மதிப்பெண்கள், அதாவது லாஜிட்கள், 8-க்கு 14, 3-க்கு 2. அடுத்து இடது பக்கம் பேனா சரியாகப் பதியாத ஒரு 8. அதற்கு 8-க்கு 11, 3-க்கு 7. இரண்டுக்கும் ஆசிரியரின் தீர்ப்பு 8தான். ஆனால் இரண்டாவது படத்தில் ‘இது கொஞ்சம் 3 மாதிரி இருக்கிறது’ என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

லாஜிட்களை வாய்ப்புகளாக மாற்றும் சாதாரண சாஃப்ட்மேக்ஸில் இந்த முணுமுணுப்பு காதில் விழாது. 8-இன் பங்கோடு ஒப்பிட்டால் 3-இன் பங்கு முதல் படத்தில் 0.000006 மடங்கு, இரண்டாவதில் 0.018 மடங்கு. மாணவன் எவ்வளவு தவறுகிறான் என்று அளக்கும் லாஸ் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். எல்லா லாஜிட்களையும் 20 என்ற டெம்பரேச்சரால் வகுத்துவிட்டு சாஃப்ட்மேக்ஸ் போட்டால் அவை 0.55 மடங்கும் 0.82 மடங்கும் ஆகிவிடுகின்றன. இப்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. இடது பக்கம் திறக்கத் திறக்க 3 ஏறுகிறது என்ற செய்தி மாணவனுக்கு 8-களில் இருந்தே கிடைத்துவிடும். 5-களும் 2-களும் 9-களும் வேறு வேறு பகுதிகளைச் சொல்லிக்கொடுக்கும். ஆக, 3-இன் உருவத்தை அவன் அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறான்.

முதல் ஓட்டம்: பூஜ்யம்

மாணவனுக்கு 800 அலகுகள் கொண்ட இரண்டு லேயர்கள், டிராப்அவுட் இல்லை. இணையத்தில் வழக்கமாகக் கிடைக்கும் முறைப்படி பாதி லாஸ் ஆசிரியரின் மென்மையான விடைகளில் இருந்தும், பாதி உண்மையான லேபிள்களில் இருந்தும் எடுத்தேன். முடிவில் தேர்வுத் தொகுப்பின் 1,010 மூன்றுகளில் அவன் சரியாகச் சொன்னது ஒன்றுகூட இல்லை.

குழப்பம் என்னவென்றால் லாஸ் மிக அழகாக இருந்தது. மென்மையான பகுதி 0.003 அளவில் தொடங்கி, எபாக்குக்கு எபாக் இறங்கியது. சரியாகத்தான் கற்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: டெம்பரேச்சர் 20-இல் ஆசிரியரின் விடைகளே கிட்டத்தட்டச் சமமாகப் பரவிக் கிடக்கும். எதுவுமே தெரியாத மாணவன்கூட அதற்கு மிக அருகில்தான் இருப்பான். 0.003 என்பது சாதனை இல்லை, அது அறியாமையின் விலை.

தவறு இரண்டு இடத்தில் இருந்தது. முதலாவது, டெம்பரேச்சரின், அதாவது T-இன், வர்க்கத்தால் பெருக்க மறந்தது. லாஜிட்டை T-ஆல் வகுத்ததால், நெட்வொர்க்கின் எண்களை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்று சொல்லும் கிரேடியன்ட் ஒரு முறை T மடங்கு சுருங்குகிறது. பரவலான விடைகளுக்கு இடையிலான வேறுபாடும் இன்னொரு T மடங்கு சுருங்குகிறது. ஆகமொத்தம் 400-இல் ஒரு பங்கு. இரண்டாவது, பைட்டார்ச்சின் `F.kl_div` எதுவும் சொல்லாவிட்டால் `reduction='mean'` என்று எடுத்துக்கொள்ளும். அது படங்களின் எண்ணிக்கையால் மட்டுமல்லாமல் வகுப்புகளின் எண்ணிக்கையாலும் வகுத்துவிடும், இங்கே இன்னொரு 10. பாதிப் பாதி என்று நான் எழுதி வைத்திருந்தாலும் ஆசிரியரின் குரல் 4,000-இல் ஒரு பங்காகத்தான் ஒலித்திருக்கிறது. மீதியெல்லாம் லேபிள்களின் குரல். அவையோ ஒவ்வொரு படத்திலும் ‘3 இல்லை, 3 இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தன.

திருத்திய வடிவம்:

```python
T = 20
teacher.eval()
with torch.no_grad():
    zt = teacher(x)
zs = student(x)
loss = F.kl_div(F.log_softmax(zs / T, dim=1),
                F.softmax(zt / T, dim=1),
                reduction='batchmean') * T * T
```

லேபிள் பகுதியையே எடுத்துவிட்டேன். ஒரு வகுப்பு முழுவதும் மறைந்திருக்கும்போது லேபிள் அந்த வகுப்பைக் கீழே தள்ள மட்டுமே செய்யும், அதை இந்தச் சோதனையில் வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. ஒரு வேடிக்கை: லேபிள் பகுதி இல்லாவிட்டால், ஆடம் ஆப்டிமைசரோடு T வர்க்கம் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆடம் கிரேடியன்ட்டின் ஒட்டுமொத்த அளவைத் தானே சரிசெய்துகொள்கிறது. இரண்டு லாஸ்களைக் கலக்கும்போதுதான் இந்த மறதி கடிக்கும். அதனால்தான் பலருடைய நிரலில் இந்தப் பிழை வெளியே தெரியாமல் இருந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

`teacher.eval()` என்ற வரிக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாவது ஓட்டத்தில் அதை விட்டுவிட்டேன். டிராப்அவுட் அணையாததால் ஆசிரியர் ஒரே படத்துக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை சொன்னார். கண்டுபிடிப்பது எளிது, ஒரே படத்தை இரண்டு முறை அனுப்பி எண்களைப் பார்த்தால் போதும். பார்க்கத் தோன்றுவதற்குத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது.

மூன்றாவது ஓட்டம்

இப்போது மொத்தம் 391 தவறு, அதில் 302 மூன்றுகளில். அதாவது 3-ஐப் பார்த்தே இராத மாணவன் 1,010-இல் 708 மூன்றுகளைச் சரியாகச் சொன்னான். நாற்காலியை விட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

தவறிய 302-ஐ எடுத்து, பத்து லாஜிட்களில் 3 எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். பெரும்பாலானவற்றில் இரண்டாவது இடம். முதலிடத்தில் 5, 8, 2 என்று ஏதாவது ஒன்று, 3 அதற்குச் சற்றுக் கீழே. உருவம் தெரியாமல் தவறியிருந்தால் 3 எங்கெங்கோ சிதறிக் கிடந்திருக்கும். அப்படியில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் தயங்குகிறான்.

தயக்கம் இருப்பது கடைசி லேயரின் பயாஸில். படம் எதுவாக இருந்தாலும் அந்தந்த வகுப்பின் லாஜிட்டோடு கூடும் நிலையான எண் அது. மாணவன் பார்த்த எந்தப் படத்திலும் ஆசிரியர் 3-க்கு முதலிடம் தரவே இல்லை என்று சொல்லிவிடலாம். எனவே ‘3 என்பது பொதுவாகவே கீழே இருக்கும் ஆள்’ என்று அவன் பயாஸில் எழுதி வைத்துக்கொண்டான். கட்டுரையிலும் இதேதான்: 206 தவறு, அதில் 133 மூன்றுகளில். 3-இன் பயாஸை 3.5 கூட்டியதும் 109 ஆனது, மூன்றுகளில் 14 மட்டுமே.

```python
student[-1].bias.data[3] += b
```

எவ்வளவு கூட்டுவது என்பதைத் தேர்வுத் தொகுப்பில் முயன்று பார்த்துத் தீர்மானித்தால் அது காப்பி அடிப்பது. தனியே வைத்த 5,000 படங்களில் அரை அரையாகக் கூட்டிப் பார்த்தேன், 3.0இல் தவறு மிகக் குறைவாக இருந்தது. அதைப் போட்டதும் தேர்வில் மொத்தம் 163 தவறு, மூன்றுகளில் 29. அந்த 5,000-இல் 3-களும் இருக்கின்றன. ஆகவே ‘3-ஐப் பார்க்கவே இல்லை’ என்று இனி முழுதாகச் சொல்ல முடியாது. ஒரே ஓர் எண்ணைத் தீர்மானிக்க மட்டும் பார்த்திருக்கிறோம். இதற்கும் மேலே, ஆசிரியர் 3-ஐப் பார்த்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. அவருக்கே தெரியாத ஒன்று மாணவனுக்கு வந்துவிடாது.

டெம்பரேச்சரை மாற்றியபோது

800 அலகு மாணவனுக்கு 10 வைத்தாலும் 20 வைத்தாலும் பெரிதாக எதுவும் மாறவில்லை. அப்புறம் லேயருக்கு 30 அலகு மட்டும் உள்ள குட்டி மாணவன் ஒருவனை எடுத்தேன், இவனுக்கு எல்லா இலக்கங்களும் உண்டு. தொடக்க விதை எண்ணை மாற்றி ஐந்து முறை ஓட்டியதில் ஐந்து முறையும் 20-ஐவிட 4 நன்றாக இருந்தது. கட்டுரையும் இந்த அளவுக்கு 2.5 முதல் 4 வரை என்றே சொல்கிறது. காரணம் யோசித்தால் பிடிபடுகிறது. டெம்பரேச்சர் மிக அதிகமானால் மாணவன் பத்து லாஜிட்களையும் அப்படியே நகலெடுக்க முயல்கிறான், மிக மிகக் கீழே இருப்பவற்றையும் சேர்த்து. ஒரு 1-ஐப் பார்த்து ஆசிரியர் 0-க்கு −9 தந்தாரா −12 தந்தாரா என்பது அவருடைய பயிற்சியே கவனிக்காத விவரம், பெரும்பாலும் இரைச்சல். 800 அலகு இருப்பவன் அதையும் சுமப்பான். 30 அலகு இருப்பவன் அதைச் சுமந்தால் வேறெதையோ இறக்கி வைக்க வேண்டும்.

நேற்று

அதே கட்டுரையில் இதைவிட விபரீதமான ஒன்றும் உண்டு: மாணவனுக்கு 7, 8 படங்கள் மட்டும். அங்கே தவறு 47.3 சதவீதம், இரண்டு பயாஸ்களையும் 7.6 குறைத்ததும் 13.2. என்னுடையவன் 52 சதவீதத்தில் தொடங்கினான். 7-க்கும் 8-க்கும் பயாஸைக் குறைக்கக் குறைக்க இறங்கிவந்து 17-இல் நிற்கிறான். அடுத்து ஆசிரியரை, படங்களை நகர்த்திப் பயிற்றுவித்துவிட்டு இதைத் திரும்ப ஓட்ட வேண்டும்.