வினைச்சொல் வருமுன் வெட்டுவது: உரையாடல் எழுதிப் பார்த்த குறிப்புகள்

கொஞ்ச நாளாக ஒரு சிறுகதையின் ஒரே ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அண்ணன், தங்கை செல்வி, அம்மா மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து என்றைக்குப் போவது என்று பேசுகிறார்கள். கதையில் இதற்கு மேல் பெரிதாக எதுவும் நடக்காது. ஆனால் மூன்று பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசுகிறவர்கள். அந்த வேகம் தாளில் வர வேண்டும், படிப்பவருக்கு யார் பேசுகிறார்கள் என்ற குழப்பமும் வரக் கூடாது.

முதலில் நிஜப் பேச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரப் பேச்சைப் போனில் பதிவு செய்து, அதை அப்படியே எழுதிப் பார்த்தேன். எழுதுவதற்கு கெயில் ஜெஃபர்சன் என்ற ஆய்வாளர் உருவாக்கிய குறியீட்டு முறையை எடுத்துக்கொண்டேன். அதில் இரண்டு பேர் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், இரண்டு வரியிலும் சதுர அடைப்புக்குறி போட வேண்டும். என் காட்சியின் முதல் இரண்டு வரியை அந்த முறையில் எழுதினால் இப்படி இருக்கும்:

அண்ணன்: வியாழக்கிழமை லீவு போட்டுட்டு நானே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் [போறேன்மா
அம்மா: [வியாழக்கிழமை அமாவாசைடா

அடைப்புக்குறி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அண்ணன் வாக்கியத்தை முடித்துவிட்டான். அம்மா நுழைந்தது கடைசி வினைச்சொல்லின் மேல். என் பதிவுகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: வாக்கியம் எப்படி முடியப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்ததுமே அவர் ஆரம்பித்துவிடுகிறார். கடைசியில் வரும் 'மா', 'டா', 'ங்க' எல்லாம் பாதி நேரம் அடுத்தவர் பேச்சுக்கு அடியில் போய்விடுகின்றன. ஜெஃபர்சன், ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப் மூவரும் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இருக்கிறது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் பேசுவது அடிக்கடி நடக்கும், ஆனால் சட்டென்று முடிந்துவிடும் என்று அதில் சொல்கிறார்கள். பேசுபவர் சொல்லி முடித்தபின் ஒட்டவைக்கும் விளிச்சொற்கள் மேல் அடுத்தவர் பேச்சு ஏறுவதையும் அவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

கதையில் 'போறேன்மா' வரைக்கும் எழுதினால் அம்மா வெட்டிப் பேசியதாகவே தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னது போல ஆகிவிடும். தாளில் ஒரு வரி முடிந்துதானே அடுத்த வரி வரும்? அதனால் நிஜத்தில் முழுதாகச் சொல்லப்பட்டதைக்கூடக் கதையில் வெட்டத்தான் வேண்டும். எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. காலம், ஆள், உண்டா இல்லையா எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது. "அந்தப் பத்திரத்தை நான் பேங்க்ல—" என்று வெட்டினால், எந்தப் பொருள், எந்த இடம் என்று தெரியும். வைத்தானா, மீட்டானா, வைக்கவே இல்லையா என்பது தெரியாது. இது பெரிய சக்தி. அதனாலேயே கண்ட இடத்தில் செலவழிக்கக் கூடாது என்று எனக்குப் படுகிறது. நான் இப்போது வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இதுதான். மறையும் வினைச்சொல்லைப் படிப்பவர் தானாகவே நிரப்பிக்கொள்வார் என்றால் தயங்காமல் சீக்கிரமே வெட்டுவேன். அவரால் நிரப்ப முடியாது என்றால், அந்தச் சந்தேகம் கதைக்குத் தேவையா என்று பார்ப்பேன். தேவை என்றால் மட்டுமே வெட்டு, அதுவும் சில வரிகளுக்குள் விடை வந்துவிட வேண்டும். "ஆஸ்பத்திரிக்கு—" என்பது முதல் வகை. எல்லோருக்கும் 'கூட்டிட்டுப் போறேன்' காதில் விழுந்துவிடும்.

சொல்லுக்கு நடுவில் வெட்டுவதையும் செய்து பார்த்தேன். அதில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது: வெட்டி மிஞ்சும் துண்டு வேறொரு முழுச் சொல்லாக நின்றுவிடும். 'முடியாது' என்பதை "முடி—" என்று நிறுத்தினால் படிப்பவர் கண்ணுக்குத் தலைமுடிதான் முதலில் தெரியும். 'சொல்லாதே' என்பதை "சொல்—" என்று நிறுத்தினால் சொல்லச் சொல்லும் கட்டளை ஆகி, அர்த்தமே தலைகீழாகப் போய்விடும். "முடியா—" என்று ஒரு எழுத்து தள்ளி வெட்டினால் சரி. "வந்—" போலப் புள்ளி எழுத்தில் நிறுத்துவது அச்சுப்பிழை மாதிரி தெரிகிறது. நெடிலிலோ உயிர்மெய்யிலோ நிறுத்தினால் காதுக்கும் கண்ணுக்கும் உறுத்துவதில்லை. இப்போது சொல்லின் நடுவில் வெட்டுவதை மிக அரிதாகத்தான் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, 'என்றான்' பிரச்சினை. முதல் வடிவம் இப்படி இருந்தது:

"நானே உன்னை ஆஸ்பத்திரிக்கு—" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா குறுக்கிட்டு, "வியாழக்கிழமை அமாவாசைடா" என்றாள்.

குறுக்கிட்டாள் என்று சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தில் குறுக்கீடே ஆறிப்போய்விடுகிறது. வெட்டுக்கும் வெட்டியவர் பேச்சுக்கும் நடுவில் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. ஆனால் 'என்றான்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் யார் பேசுவது என்று எப்படித் தெரியும்? இதற்கு நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. அம்மா மகனிடம் 'டா' போடுவாள். செல்வி 'அண்ணே' என்பாள். அவன் 'செல்வி' என்று பேர் சொல்லுவான். யார் பேசுவது, யாரிடம் பேசுவது இரண்டையும் உறவுச்சொல் ஒன்றே சொல்லிவிடுகிறது. எல்லா வரியிலும் போட்டால் நாடகத்தனமாக இருக்கும். பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் திரும்பும் வரியில் மட்டும் போட்டால் போதும்.

இழுத்து விடும் பேச்சுக்கு வருவோம். வரிக்கு வரி மூன்று புள்ளி வைத்தால் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவது போல ஆகிறது. பதிவுகளைக் கேட்டபோது ஒன்று தெளிவானது. நாம் இழுத்து விடும்போது பெரும்பாலும் எச்சத்திலோ இடைச்சொல்லிலோதான் நிறுத்துகிறோம். "கேக்கலாம்னுதான்", "அதுக்கில்ல", "நீ வேணும்னா", "அவர் வேற ஊர்ல இல்லையே". வாக்கியத்தைத் தொங்க விடும் வேலையை அந்த வடிவமே செய்துவிடுகிறது. அதனால் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்: புள்ளிகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு முற்றுப்புள்ளி வைத்துப் படிப்பது. "உங்கப்பா இருந்தா." அப்போதும் தொங்குகிறது. மூன்று புள்ளி வைத்ததைவிட இதில் கனம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. "நான் வரேன்..." என்பதில் புள்ளிகளை எடுத்தால் வெறும் சாதாரண வாக்கியம்தான் மிஞ்சும். அப்படியென்றால் அங்கே இழுவையே இல்லை, நான்தான் ஒட்டவைத்திருக்கிறேன்.

வெட்டுக்குப் பின்னால் இடைவெளி கூடாது என்றேன். இழுவைக்கு நேர்மாறு, பின்னால் கொஞ்சம் இடம் வேண்டும். அம்மா சேலைத் தலைப்பை மடிக்கலாம், தெருவில் ஒரு வண்டி போகலாம், யாராவது பேச்சை மாற்றலாம். உடனே பதில் வந்துவிட்டால் புள்ளி போட்டிருந்தாலும் அது வெட்டு மாதிரிதான் படிக்கப்படும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவது. பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சில் தன் நாடகப் பிரதிகளில் ஒரு சாய்கோடு போடுவார். ஒருவர் வசனத்தில் அந்தக் கோடு வரும் இடத்தில் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும், முதலாமவரும் நிறுத்தாமல் பேச வேண்டும். நடிகர்களுக்கு அது அருமையான வழி, ஏனென்றால் கடைசியில் இரண்டு குரலும் மேடையில் சேர்ந்தே கேட்கும். கதை படிப்பவருக்கு இருப்பது ஒரே கண். சாய்கோட்டைக் கண்டதும் அவர் பின்னால் போய்ப் போய் வருகிறார். இரண்டு பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் அடித்தும் பார்த்தேன். போன் திரையில் அது கலைந்துவிடுகிறது.

பிடித்துப்போன வழி இரண்டு. ஒன்று, பேசுபவர் நிறுத்தவே இல்லை என்று காட்டுவது:

"டாக்டர்கிட்ட கேட்டேன். வலது கண்ணை முதல்ல—"
"சுகர் பாத்தாங்களா அண்ணே?"
"—பண்ணிட்டு, ஒரு மாசம் கழிச்சு இடது கண்ணுன்னு சொல்றார்."

வரியின் தொடக்கத்தில் இருக்கும் கோடு, அவன் செல்வி பேசும்போதும் பேசிக்கொண்டே இருந்தான் என்று சொல்லிவிடுகிறது. நடுவில் ஒரு சிறு வரிதான் தாங்கும். இரண்டாவது வரி வந்தால் 'கண்ணை' என்ற செயப்படுபொருள் மறந்துபோய், 'பண்ணிட்டு' என்பது அந்தரத்தில் நிற்கும்.

இன்னொன்று, பதில்களை இடம் மாற்றி விழ வைப்பது. ஒருவர் சொன்னதற்கு அடுத்த வரியில் பதில் வராது, இரண்டு வரி தள்ளி வரும், அல்லது வரவே வராது. இப்போது என் காட்சி இப்படி நிற்கிறது:

"வியாழக்கிழமை லீவு போட்டுட்டு நானே உன்னை ஆஸ்பத்திரிக்கு—"
"வியாழக்கிழமை அமாவாசைடா."
"நீ லீவு போட்டுருவியாக்கும் அண்ணே. போன தடவையும் இதைத்தான்—"
"போன தடவை ஆபீஸ்ல ஆடிட்டு செல்வி, உனக்குத் தெரியாதா?"
"அமாவாசையன்னைக்குக் கண்ணுல கத்தி வைக்கணுமா?"
"ஆடிட்டு உனக்கு மட்டும்தான் வருது."
"அதுக்கில்லடா. உங்கப்பா இருந்தா."

திண்ணைத் தூணில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. செல்வி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை போலாம்மா" என்றான் அண்ணன்.

இதில் ஒரே சமயத்தில் பேசினார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை. அண்ணனும் செல்வியும் ஒரு சண்டை, அம்மா தனியாக ஒரு பேச்சு, இரண்டும் பின்னிப் போகின்றன. அம்மா அமாவாசையை இரண்டாவது முறை சொல்ல வேண்டி வருவதிலிருந்தே முதல் முறை யார் காதிலும் விழவில்லை என்று தெரிகிறது. காட்சியின் ஒரே 'என்றான்' பேச்சு அடங்கிய பிறகுதான் வருகிறது.

என் மச்சானிடம் இதைக் கொடுத்து, முன்கூட்டிப் படிக்காமல் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். 'ஆடிட்டு உனக்கு மட்டும்தான்' என்ற வரியில் மட்டும் ஒரு நொடி நின்று, "இது தங்கச்சியா?" என்று கேட்டார். அங்கே ஒரு 'அண்ணே' சேர்க்கலாம். ஆனால் மேலேயே ஒன்று இருக்கிறது. 'ஆமா, ஆடிட்டு உனக்கு மட்டும்தான் வருது, எங்க வீட்டுக்காரருக்கு வராது' என்று நீட்டிப் பார்த்ததில் அவர் நிற்காமல் படித்துவிட்டார். வேகம் சற்றுக் குறைகிறது, ஆனாலும் அதையே வைத்துக்கொண்டேன்.

தட்டச்சு பற்றி ஒன்று. வேர்டில் நீளக்கோடு போட்டு உடனே மேற்கோள்குறி அடித்தால், அது மூடும் குறியாக இல்லாமல் திறக்கும் குறியாகத் திரும்பி விழுகிறது. கோட்டுக்குப் பின் ஏதாவது ஒரு எழுத்தை அடித்து, மேற்கோள்குறியைப் போட்டுவிட்டு, அந்த எழுத்தை அழித்துவிட்டால் சரியாக நிற்கும். கோடு தனியாகப் பிரிந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறதா என்பதையும் கடைசியில் பார்க்க வேண்டும். வரித் தொடக்கத்தில் வந்துவிட்டால் அது பேச்சைத் தொடரும் கோடு மாதிரி தெரியும்.

அடுத்து இதே காட்சியில் பெரியண்ணனைப் போன் ஸ்பீக்கரில் கொண்டுவரப் போகிறேன். அவர் குரல் தாமதமாக வரும், இவர்கள் வேறு பேச்சுக்குப் போன பிறகு பழைய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். முதல் வரி மட்டும் எழுதியிருக்கிறேன்: "ஹலோ, யாருக்கு அமாவாசை?"