ஆலையின் முதலாளி யார்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எனக்கொரு பலசரக்குக் கடை. பெரும்போக விதைப்பு நேரத்தில் வயல்காரருக்கு உரமும் சாமானும் கடனுக்குக் கொடுப்பேன். மாசி, பங்குனியில் வெட்டு முடிந்ததும் அந்தக் கடனுக்கு நெல்லாக எடுப்பேன். நெல் வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள ஓர் ஆலைக்குப் போகும். அங்கே மேசையில் இருப்பவரை மாமா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஆலை அவருடையது என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் நெல் வாங்க ஒரு லொறிக்காரரும் வருவார். அவர் சொல்லும் விலை எப்போதும் ஆலை விலையைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபா குறைவு. 2025 மாசியில் 'நாடு' இன நெல்லுக்கு அரசு கிலோ 120 ரூபா அறிவித்தது. அது ஈரம் 14 சதவீதத்துக்கு மேற்படாத காய்ந்த நெல்லுக்கு. வயலிலிருந்து ஈரத்தோடு வரும் நெல்லுக்கு லொறிக்காரர் 104 என்றார், ஆலை 106 என்றது. சரி, ஆலை நியாயமாக நடக்கிறது என்று 60 கிலோ மூடையில் 60 மூடை ஏற்றினேன். 381,600 ரூபாவுக்குக் காசோலை தந்தார்கள். பணமில்லை என்று வங்கி அதைத் திருப்பிவிட்டது.

கேட்கப் போனால் மாமா, "நான் விலகி நாலு வருஷம் மனே, முதலாளிட்டச் சொல்றன்" என்றார். எந்த முதலாளி என்றேன். பதில் இல்லை. காசோலையில் இருந்ததோ ஆலையின் முத்திரையும் வாசிக்க முடியாத ஒரு கையெழுத்தும். சுவரில் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதில் மாமாவின் பெயரும், செத்துப்போன அவர் அண்ணனின் பெயரும் இருந்தன. மாமா மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டு பதிவிலக்கத்தை போனில் படம் எடுத்தேன்.

முதலில் எங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் ஒரு நாளை வீணாக்கினேன். தனி ஆளோ பங்காளிகளோ நடத்தும் தொழிலின் பதிவு, தொழில் நடக்கும் இடத்துப் பிரதேச செயலகத்தில்தான் இருக்கும். கம்பனி என்றால் கொழும்பில் கம்பனிப் பதிவாளரிடம் போகவேண்டும். பெயரின் கடைசியில் 'லிமிட்டெட்' இருக்கிறதா என்று பார்த்தாலே எங்கே போவது என்று தெரிந்துவிடும். எங்கள் ஆலைக்கு அது இல்லை.

வாவிக்கு அந்தப் பக்கத்துச் செயலகத்தில் பதிவுப் பிரிவில் ஒரு தங்கச்சி இருந்தார். கடிதம் எழுதிக் கொடுத்து, சிறாப்பரிடம் கட்டணம் கட்டி, பற்றுச்சீட்டோடு வந்தேன். படத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார்.

"இது பழைய சான்றிதழ் அண்ணன். 2021ல மாற்றம் பதிஞ்சிருக்கு. பங்காளிகள் ரெண்டு பேரும் இப்ப இல்ல. ஒருத்தர் காலமாயிட்டார், மற்றவர் விலகிட்டார். இப்ப உரிமையாளர் ஒரே ஆள்."

மாற்றம் பதிந்தால் புதுச் சான்றிதழ் கொடுப்பார்களாம். யாரும் சுவரில் இருந்ததைக் கழற்றவில்லை, அவ்வளவுதான். பெயரையும் வீட்டு விலாசத்தையும் வாசித்தார். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அது லொறிக்காரர்!

ஆறு வருடமாக இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நெல் கொடுத்து வந்தேன். அதில் கடைசி நாலு வருடமும் இரண்டு விலையையும் ஒரே ஆள்தான் சொல்லியிருக்கிறார். லொறி விலை நெல் வாங்குவதற்கான விலையே இல்லை, ஆலை விலையை நல்ல விலை போலக் காட்டுவதற்கு.

உறுதிப்படுத்திய பிரதியை வாங்கிக்கொண்டு எழும்பியபோது தங்கச்சி இன்னொன்றும் சொன்னார்: "கட்டிடமும் அவருக்குத்தான் எண்டு நினைச்சிராதீங்க. இந்தப் பதிவு தொழிலுக்கு மட்டும்தான். காணி யாருக்கு எண்டு காணிப் பதிவகத்தில பாருங்க." பார்த்தேன். காணி இன்னும் மாமாவுடையது, குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார். மேசையை விட்டு அவர் எழும்பாததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆனால் என் காசுக்கு அவர் பொறுப்பில்லை. சுவரில் இருந்த பெயருக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தால், விலகிய ஒருவரையும் இறந்த ஒருவரையும் துரத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

லொறிக்காரரின் பெயருக்கும் வீட்டு விலாசத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. இந்த அளவு காசுப் பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகாமல் நேரே வழக்காக்க ஏலாது, அதனால் அங்கே விண்ணப்பித்தேன். காசோலை, நிறைச் சீட்டு, பதிவேட்டுப் பிரதி மூன்றையும் வைத்தேன். சபை முதல் தடவை கூப்பிட்டபோது அவர் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தார். ஆலை தன்னுடையது இல்லை என்று தொடங்கியவர், பிரதியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். காசை மூன்று தவணையில் தருவதாக ஒப்பமிட்டார். கடைசித் தவணை ஒரு மாதம் பிந்தித்தான் வந்தது.

அடுத்த மாசியில் லொறி வழக்கம்போலக் கடை வாசலில் வந்து நின்றது. ஆலையில் இன்றைக்கு என்ன விலை என்று அவரிடமே கேட்டேன்.