ஆறு மேசைகள், மூன்று சுற்று: துபாய் வேலைக்கு நான் ரெஸ்யூமே எழுதிய கதை

மதுரையில் ஒரு சைவ உணவகத்தில் நான்கு ஆண்டுகள் பரிமாறுபவனாக இருந்தேன். துபாய் வேலைகளுக்கு அனுப்பிய முதல் ரெஸ்யூமேவுக்கு ஒரு பதிலும் வரவில்லை. அங்கே ஒரு ஓட்டலில் கேப்டனாக இருக்கும், எங்கள் ஊர் அண்ணன் ஒருவரிடம் அதைக் காட்டினேன். “தினமும் 200 வாடிக்கையாளர்களைக் கவனித்தேன்” என்ற வரியில் அவர் நின்றுவிட்டார்.

“தம்பி, உனக்கு எத்தனை மேசை?” என்றார். ஆறு என்றேன். “ஆறு மேசையில் 24 நாற்காலி. 200 பேர் என்றால் ஒவ்வொரு நாற்காலியிலும் எட்டுப் பேருக்கு மேல் மாறி மாறி உட்கார்ந்திருக்க வேண்டும். இது ஓட்டலின் கணக்கு, உன் கணக்கு அல்ல. படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.”

மேலாளரிடம் அனுமதி கேட்டு, இரண்டு வாரத்து ஆர்டர் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சீட்டிலும் மேசை எண்ணும் ஆள் எண்ணிக்கையும் இருந்ததால் என் மேசைகளை மட்டும் கூட்ட முடிந்தது. வார நாட்களில் மதியம் சராசரியாக 38 பேர். ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்றரை மணிக்குள், மூன்று சுற்றாக 60 பேர். ரெஸ்யூமேயில் இப்படி மாற்றினேன்: ‘ஆறு மேசை, 24 இருக்கை கொண்ட பகுதி, ஞாயிறு மதியம் மூன்று மணி நேரத்தில் 60 விருந்தினர், ஆர்டர் எடுத்து, பரிமாறி, பில் முடிப்பது வரை தனியாக.’ 200ஐ விட 60 சிறியது என்று முதலில் வருத்தமாக இருந்தது. பின்னால் நேர்காணலில் அதிக நேரம் பேசப்பட்டது இந்த வரியைப் பற்றித்தான்.

அடுத்து பரிமாறும் முறை. கேட்டரிங் டிப்ளமோவில் சில்வர் சர்வீஸ் படித்திருந்தேன், அதாவது ஒரே கையில் கரண்டியும் முள்கரண்டியும் பிடித்து, விருந்தினரின் இடப்பக்கமிருந்து தட்டில் எடுத்து வைக்கும் முறை. ஆனால் வேலையில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அதனால் அதைப் படிப்புப் பகுதிக்கு மாற்றச் சொன்னார் அண்ணன். நான் உண்மையில் செய்தது இலைச் சாப்பாடு. அதை வெளிநாட்டு மேலாளருக்கு எப்படிச் சொல்வது? ‘அளவில்லாச் சாப்பாடு, வாளியிலிருந்து மேசையிலேயே பரிமாறல், ஒரே நேரத்தில் ஒருவர் சாம்பாரிலும் இன்னொருவர் மோரிலும் இருக்க, கேட்கும் முன்பே அடுத்த உணவைக் கொண்டுசெல்லல்’ என்று எழுதினேன். மாலையில் டிபன் தட்டில் அலங்கரித்து வருவதை ‘பிளேட்டட் சர்வீஸ்’ என்று தனியே குறித்தேன்.

மொழிகளில்தான் நான் சறுக்கினேன். ‘ஹிந்தி: சரளம்’ என்று எழுதியிருந்தேன். சென்னையில் நடந்த முதல் நேர்காணலில், உணவு தாமதமானதால் கோபமாக இருக்கும் விருந்தினரிடம் ஹிந்தியில் பேசச் சொன்னார்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு ஒவ்வொரு மொழியையும் என்னால் செய்ய முடிந்ததை வைத்தே எழுதினேன்: தமிழ் தாய்மொழி, ஆங்கிலத்தில் ஆர்டர் எடுக்கவும் உணவை விளக்கவும் புகாரைக் கையாளவும் முடியும், மலையாளம் பேச்சளவில், ஹிந்தியில் ஆர்டர் எடுப்பது மட்டும்.

உணவுப் பாதுகாப்புக்கு, இந்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபோஸ்டாக் என்ற பயிற்சியை முடித்திருந்தேன். முன்பு ‘சுகாதாரப் பயிற்சி உண்டு’ என்று மட்டும் இருந்த இடத்தில், பயிற்சியின் பெயர், பிரிவு, முடித்த தேதி மூன்றையும் சேர்த்தேன். கூடவே வேலையில் அதை எங்கே பயன்படுத்தினேன் என்று ஒரு வரி: ‘ஒவ்வாமை கேட்டு ஆர்டர் சீட்டில் எழுதிச் சமையலறையில் உறுதிசெய்தல்.’

இரண்டாவது நேர்காணலில் அந்த வரியிலேயே கேள்வி வந்தது. கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் இட்லியும் சாம்பாரும் கேட்டால் என்ன செய்வாய்? இட்லியில் கோதுமை இல்லை, ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், அது சாம்பாரில் இருக்கிறது, டப்பாவைப் பார்க்காமல் நான் ‘சரி’ சொல்ல மாட்டேன் என்றேன். நட்ஸ் ஒவ்வாதவருக்குக் குருமாவில் அரைத்துவிட்ட முந்திரியையும் சொன்னேன். கேள்வி கேட்டவர் பேனாவை எடுத்து அந்த வரியின் கீழ் கோடு போட்டார்.

பிறகு, ‘மூன்று மேசைக்கு ஒரே நேரத்தில் ஆட்கள் வந்தால்?’ என்றார். மூன்றுக்கும் தண்ணீர் வைத்து, வந்ததைக் கவனித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு வந்த மேசையில் முதலில் ஆர்டர் எடுப்பேன், மூன்று ஆர்டரையும் ஒன்றாகச் சமையலறைக்குள் தள்ளாமல் சில நிமிட இடைவெளி விடுவேன் என்றேன். அவர் மறுபடியும் 60 என்ற எண்ணைப் பார்த்து, “இதை எப்படிக் கணக்கிட்டாய்?” என்று கேட்டார். சீட்டுகளின் கதையைச் சொன்னேன். பத்து நாளில் வேலைக் கடிதம் வந்தது.