80 விநாடியில் 300 மீட்டர்: காவலர் தேர்வு ஓட்டத்துக்கு வாட்சில் நான் அமைத்த பயிற்சி

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வின் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு ஓட்டத்தில் தவறியவன் நான். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதைத் தாண்டினால்தான் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் எல்லாம். முதல் முறை கடைசிச் சுற்றில் கால் கனத்து, 7 நிமிடம் 20 விநாடிக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த முறை 6 நிமிடம் 41 விநாடி. இடையில் மாறியது பெரும்பாலும் ஒன்றுதான்: வேக ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வரும் இன்டர்வல் பயிற்சியை வாட்சில் ஒழுங்காக அமைக்கக் கற்றுக்கொண்டேன்.

என்னிடம் இருந்தது பழையதாக வாங்கிய கார்மின் ஃபோர்ரன்னர் 55. ஓடிய இடம் தண்டையார்பேட்டையில் வீட்டுக்குப் பக்கத்து மண் மைதானம். காலை 5 மணிக்குப் போனால்தான் ஓட முடியும். 7 மணி ஆகிவிட்டால் புழுக்கத்தில் மூச்சு இழுக்கும், கிரிக்கெட் ஆடும் பசங்களும் வந்துவிடுவார்கள்.

முதலில் கணக்கு. 7 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி. அந்தக் கணக்கில் பழகினால் தேர்வு நாளில் கொஞ்சம் சறுக்கினாலும் போச்சு. அதனால் 6 நிமிடம் 40 விநாடியை இலக்காக வைத்தேன். 1500 மீட்டரை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 80 விநாடி வரும்.

வாட்சுக்கான போன் ஆப்பில் `Workouts` பகுதிக்குப் போய் `Create a Workout` கொடுத்து, ஓட்டத்தைத் தேர்ந்தேன். ஒவ்வொரு படியும் எதை வைத்து முடிய வேண்டும் என்று ஆப் கேட்கும்: தூரமா, நேரமா, பட்டனா? எல்லோரையும் போல நானும் தூரம் 300 மீட்டர், இலக்கு வேகம் இவ்வளவு என்று போட்டேன். இரண்டுமே எனக்குச் சரிப்படவில்லை.

சின்ன மைதானத்தில் வளைந்து வளைந்து ஓடும்போது ஜிபிஎஸ் காட்டும் தூரம் நிஜத் தூரத்தோடு ஒத்துப்போகாது. ஒரு நாள் ஒரு கல்லைத் தாண்டும் முன்பே 300 முடிந்தது என்று ஒலித்தது, மறுநாள் அதே கல்லைத் தாண்டிப் பல அடி போன பிறகு. வேக இலக்கு இன்னும் மோசம். வாட்ச் காட்டும் வேகம் சில விநாடி பின்தங்கியே வரும். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் தொடக்கத்தில் 'மெதுவாக ஓடுகிறாய்' என்று எச்சரிக்கும். அதைக் கேட்டுப் பாய்ந்து ஓடி, மூன்றாவது முறையிலேயே மூச்சு தீர்ந்துவிடும். எண்பது விநாடி ஓட்டத்துக்கு வேக இலக்கு வேண்டவே வேண்டாம், `No Target` என்று விட்டுவிடுங்கள்.

அப்புறம்தான் தலைகீழாக யோசித்தேன். தூரத்தைத் தரையில் குறித்துவிட்டு, வாட்சிடம் நேரத்தை மட்டும் கேட்டால் என்ன? தெருவில் கொத்து வேலை செய்யும் அண்ணனிடம் 30 மீட்டர் டேப் வாங்கி, அவரையே கூட்டிப்போய் அளந்தேன். "தம்பி, வளைவுல டேப்பை இழுத்துப் புடிக்காத, துண்டு துண்டா வச்சு அள" என்றார். அந்த யோசனை இல்லையென்றால் அளவே தப்பியிருக்கும். உள்வட்டம் ஒரு சுற்று 190 மீட்டர் வந்தது. அதனால் 200 மீட்டர் குறி தொடக்கக் கோட்டைத் தாண்டி 10 மீட்டரிலும், 300 குறி 100 குறியைத் தாண்டி 10 மீட்டரிலும் விழுந்தன. மூன்று இடத்திலும் செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசினேன்.

இப்போது பயிற்சியின் அமைப்பு. வார்ம் அப் 10 நிமிட மெதுவோட்டம், நேரப்படி முடியும். அதற்கு அடுத்து `Lap Button Press` என்று ஒரு படி. இதை முதலில் நான் வைக்கவில்லை. வார்ம் அப் முடிந்த நொடியே முதல் ஓட்டம் தொடங்கிவிட்டது, நானோ மைதானத்தின் மறுகோடியில் இருந்தேன். பட்டன் படி இருந்தால் கால்களை உதறி, இரண்டு சின்னப் பாய்ச்சல் போட்டு, கோட்டில் நின்று மூச்சு சீரான பிறகு நாமே அழுத்தலாம்.

அடுத்து `Repeat`, 5 முறை. அதற்குள் 80 விநாடியை ஒரே படியாக வைக்காமல் 27, 27, 26 என்று மூன்று ஓட்டப் படிகளாக வைத்தேன். அதற்குக் கீழே 90 விநாடி ஓய்வு. கடைசியில் 8 நிமிடம் கூல் டவுன். நேரப்படி முடியும் படியின் கடைசி 5 விநாடியும் வாட்ச் எண்ணிக்கையாக ஒலிக்கும். ஆக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு மணியோசை. அந்த நேரம் செங்கல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும், திரையைப் பார்க்க வேண்டாம். பக்கத்துச் சாலையில் கன்டெய்னர் லாரி போனால் ஒலி கேட்காது, அதனால் அதிர்வையும் சேர்த்து இயக்கி, வாட்சை ஒரு துளை இறுக்கமாகக் கட்டினேன்.

முதல் நாளே நோய் தெரிந்துவிட்டது. முதல் 300-இல், 27-ஆவது விநாடி ஒலிக்கும்போது செங்கல்லைத் தாண்டி எட்டு மீட்டர் போயிருந்தேன். மூன்றாவது ஓட்டத்தில் கடைசி மணி செங்கல்லில் சரியாக ஒலித்தது. ஐந்தாவதில் பதினைந்து மீட்டர் குறைவு. என் கால்களில் வலு இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் முதல் நூறை வேகமாக எடுத்துத்தான் கடைசியைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒரே விதி: முதல் மணிக்கு முன் செங்கல்லைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டு ஓட்டமும் சுலபமாகத் தோன்றும், பொறுக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஐந்து ஓட்டத்திலும் மணியும் செங்கல்லும் ஓரிரு அடிக்குள் வந்தன.

அப்போதுதான் ஓய்வைத் தொட்டேன். 300 குறியிலிருந்து தொடக்கக் கோட்டுக்கு 80 மீட்டர். 90 விநாடியில் மெதுவாக நடந்தே வந்துவிடலாம். 75 ஆக்கினால் சாதாரணமாக நடக்க வேண்டும், 60 ஆக்கினால் கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவது ஓட்டமும் செங்கல்லை எட்டினால் மட்டும், 15 விநாடி குறைத்தேன். ஓட்ட நேரத்தை ஒரு விநாடிகூடக் குறைக்கவில்லை. எட்டாத வாரத்தில் பழைய ஓய்வுக்கே திரும்பினேன். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும்தான் இந்தப் பயிற்சி, மற்ற நாளில் மெதுவோட்டம்.

ஓர் எச்சரிக்கை. ஒரு நாள் ஓய்வு முடியவே இல்லை. மூச்சு முழுக்க அடங்கியும் மணி ஒலிக்காமல் திரையைப் பார்த்தால், நேரம் உறைந்து நிற்கிறது. திருவொற்றியூர் சாலையில் சிக்னலில் நிற்கும்போது உதவட்டும் என்று நானே இயக்கி வைத்திருந்த `Auto Pause` தான் காரணம். கால் நின்றதும் அது கடிகாரத்தையும் நிறுத்திவிடும், ஓய்வு நேரம் நகராது. இன்டர்வல் நாளில் அதை அணைத்தே வைக்க வேண்டும்.

கடைசி மூன்று வாரம் ஒலியையும் அதிர்வையும் நிறுத்திவிட்டு ஓடினேன். தேர்வில் கையில் வாட்ச் இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் தயாரானேன். ஓடி முடித்துப் பதிவைப் பார்ப்பதற்கு முன், எத்தனை விநாடி ஆகியிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்வேன். முதலில் ஐந்தாறு விநாடி தப்பியது, பிறகு ஒன்றிரண்டு.

400 மீட்டர் டிராக்கில் 1500 என்றால் முதலில் 300 மீட்டர், அப்புறம் மூன்று முழுச் சுற்று. தேர்வன்று கிளம்பியதும் பலர் என்னைத் தாண்டிப் பாய்ந்தார்கள். நான் செங்கல்லை நினைத்துக்கொண்டு ஓடினேன். முடிவுக்கோட்டை முதல் முறை கடந்தபோது நேரம் எடுத்துக்கொண்டிருந்தவர் உரக்கச் சொன்னது காதில் விழுந்தது: "எண்பத்தொண்ணு!"