கேட்காமலே பார்த்துக் கொடுத்த ஒரு வரி

கொழும்பில் ஏற்றுமதி செய்யும் எந்த நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தாலும், "உங்கள் இணையத்தளத்தை இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறோம், விருப்பமா?" என்று கேட்கும் கடிதங்கள் குவிந்து கிடக்கும். அவற்றுக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. இலவசம் என்று சொன்னாலும் அந்தக் கடிதம் எதையும் கொடுப்பதில்லை. பதில் எழுதுங்கள், நேரம் ஒதுக்குங்கள், பிறகு பார்க்கலாம் என்று கேட்கத்தான் செய்கிறது.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சிறு நிறுவனங்களுக்கு மின்னஞ்சலும் டொமைனும் ஒழுங்குசெய்து கொடுப்பது என் தொழில். புதிய வாடிக்கையாளருக்கு எழுதுமுன் பரிசோதனையை நானே செய்து முடித்துவிடுவேன். கண்டதில் ஒன்றை மட்டும், என் வேலைக்கு ஒரு மாதிரியாக, கடிதத்துக்குள்ளேயே எழுதுவேன். அந்த ஒன்றை, என்னை நம்பவேண்டிய அவசியம் இல்லாமல் அவரே இரண்டு நிமிடத்தில் சரிபார்க்க முடியவேண்டும். இந்த நிபந்தனையை நான் தளர்த்துவதே இல்லை.

எதைப் பார்ப்பது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு டொமைனின் பெயரில் எந்த சேர்வர்கள் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் பதிவை SPF என்பார்கள். அது இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருப்பது. பார்க்கக் கடவுச்சொல் தேவையில்லை. கணினியில் இந்த ஒரு வரி போதும்:

```
nslookup -type=TXT example.com
```

புறக்கோட்டையில் கறுவாவும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் டொமைனை இப்படிப் பார்த்தபோது இரண்டு SPF பதிவுகள் வந்தன. சேர்வரின் ஐபி எண்ணை மட்டும் மாற்றித் தருகிறேன்:

```
v=spf1 a mx ip4:203.0.113.25 ~all
v=spf1 include:_spf.google.com ~all
```

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் ஒரு டொமைனுக்கு ஒரு SPF பதிவுதான் இருக்கலாம் என்பது விதி. இரண்டு இருந்தால் மறுமுனையில் பெறும் சேர்வர் எதையும் தேர்ந்தெடுக்காது. PERMERROR, அதாவது நிரந்தரப் பிழை, என்று குறித்துவிடும்; SPF சோதனையில் அந்தக் கடிதம் தேறாது. இது எப்படி நேர்கிறது என்பதும் எனக்குப் பழகிய கதை. முதலில் இணையத்தளத்தை வைத்திருக்கும் நிறுவனமே மின்னஞ்சலையும் நடத்தியிருக்கும். பிறகு கூகுளுக்கு மாறுவார்கள். புதிய பதிவைச் சேர்க்கச் சொல்லும் வழிகாட்டியைப் பார்த்துச் சேர்ப்பார்கள். பழையதில் யாரும் கைவைப்பதில்லை.

2024 பெப்ரவரியிலிருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு எழுதும் எவரும் SPF அல்லது DKIM இரண்டில் ஒன்றையாவது சரியாக வைத்திருக்கவேண்டும் என்று கூகுள் கேட்கிறது. DKIM என்பது கடிதத்தோடு போகும் மின்னணுக் கையெழுத்து. அது சரியாக இருந்தால் SPF உடைந்திருந்தாலும் கடிதம் போய்ச் சேரலாம். வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே "உங்கள் விலைப்பட்டியல்கள் ஸ்பாமுக்குப் போகின்றன" என்று எழுத எனக்கு உரிமை இல்லை. "பதிவு இரண்டாக இருக்கிறது; அதனால் SPF சோதனை தோற்கும்; உங்கள் கடிதங்கள் எங்கே விழுகின்றன என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும்" என்பதே என் கண்ணால் கண்டது. இதே குறையைக் காட்டிப் பயமுறுத்தி எழுதுபவர்கள் உண்டு. அந்தத் தொனியைக் கண்டதும் பணம் பறிக்க வருகிறான் என்றுதான் எந்த முதலாளியும் நினைப்பார். அப்படி நினைப்பதில் நியாயமும் இருக்கிறது.

கடிதத்தை அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதினேன், ஏற்றுமதிப் பிரிவு முகாமையாளரின் முகவரிக்கு. "விலைப்பட்டியல் கிடைக்கவில்லை" என்று வெளிநாட்டுக் கொள்வனவாளர் சொல்லும்போது முதலில் கேட்பவர் அவர்தான். இரண்டு வரிகளையும் அப்படியே ஒட்டினேன். இணைப்பாக எதையும் வைக்கவில்லை. அறியாதவர் அனுப்பும் பிடிஎஃப் கோப்பை யாரும் திறக்கக்கூடாது. அதன் கீழே அவரே பார்க்கும் வழி: அலுவலக முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள், அதைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, Show original என்பதைத் தெரிவுசெய்யுங்கள், மேலே SPF என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைசியில் தீர்வையும் எழுதினேன்:

```
v=spf1 a mx ip4:203.0.113.25 include:_spf.google.com ~all
```

தீர்வையும் கொடுத்துவிட்டால் பிறகு ஏன் கூப்பிடுவார்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மறைத்துவைத்தால் அது வேலையின் மாதிரி ஆகாது, தூண்டில் ஆகிவிடும் என்பது என் கருத்து. தவிரவும் இந்த வரியைச் சேர்ப்பது சின்ன வேலை. பழைய சேர்வர் இன்னும் கடிதம் அனுப்புகிறதா, கணக்குப் பிரிவின் பற்றுச்சீட்டு மென்பொருள் எந்த வழியாக அனுப்புகிறது, செய்திமடல் யார் பெயரில் போகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதை வெளியிலிருந்து செய்ய முடியாது. "இந்த வரியைப் போடுமுன் வேறு எந்தச் சேவைகள் உங்கள் பெயரில் அனுப்புகின்றன என்று பாருங்கள்" என்று கடிதத்தில் ஒரு வாக்கியம் வைத்தேன். முகாமையாளர் பிடித்துக்கொண்டது அந்த வாக்கியத்தைத்தான்.

அவருடைய பதில் என் ஸ்பாம் பெட்டியில் இருந்தது. இப்படி எழுதும் எவரும் அந்தப் பெட்டியைத் தினமும் பார்த்தே ஆகவேண்டும். பிழையான டொமைனிலிருந்துதானே பதிலும் வருகிறது! அவருடைய கடிதத்தின் தலைப்பகுதியில் `spf=permerror` என்று இருந்தது. அந்த வரியை நகலெடுத்து, "உங்கள் பதில் எனக்கு வந்த விதம் இது" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். எனக்கும் அதேதான் வருகிறது. இதை மாற்றினால் பற்றுச்சீட்டுகள் போவது நின்றுவிடாதே?"

"அதைப் பார்க்காமல் மாற்றக்கூடாது, ஐயா. அந்த மென்பொருளிலிருந்து ஒரு பற்றுச்சீட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த சேர்வர் அனுப்புகிறது என்று அதிலேயே தெரியும்."

கட்டணம் பேசியது அதன் பிறகுதான்.

எதுவரை பார்க்கலாம் என்பதில் எனக்கு உறுதியான ஒரு கோடு உண்டு. திறந்திருக்கும் பதிவைப் படிப்பேன். பக்கத்தை எல்லோரையும் போலத் திறந்து பார்ப்பேன். நிர்வாகப் பக்கத்தில் கடவுச்சொல்லை முயன்று பார்ப்பதோ, ஓட்டை தேடும் மென்பொருளை ஏவுவதோ மாதிரி வேலை ஆகாது. அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று பிறகு சொல்லி அந்த நிறுவனத்தின் நம்பிக்கையைப் பெற முடியாது.

பதிலே எழுதாமல், நான் கொடுத்த வரியை மட்டும் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சில வாரம் கழித்து அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் தெரிந்துவிடும், பதிவு ஒன்றாகியிருக்கும். அவர்களுக்கு ஒரு சிறு கடிதம் எழுதுவேன்: "பதிவு சரியாகிவிட்டது, பார்த்தேன். இனி, சோதனையில் தோற்கும் கடிதங்களை என்ன செய்வது என்று சொல்லும் DMARC பதிவையும் வைக்கலாம்; முதலில் `p=none` என்று வைத்து அறிக்கைகளை மட்டும் வாங்கிப் பாருங்கள்." ஒன்றும் மாற்றாமல் விட்டவர்களுக்கு இரண்டாவது கடிதம் எழுதுவதில்லை. பிழை அவர்களை உறுத்தவில்லை என்றால், நான் எழுதியது தவறான ஆளுக்கு, அல்லது தவறான பிழையைப் பற்றி. அடுத்த நிறுவனத்தின் டொமைனைப் பார்க்கப் போய்விடுவேன்.