பச்சை டிக்

"பச்சை டிக் வந்ததே, சார். பச்சை வந்தால் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பயிற்சியில் நீங்கள்தானே சொன்னீர்கள்?"

கடை கடையாகச் சென்று எங்கள் போன் செயலியில் ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதி அவர். ஒரு கடைக்கு அன்று எடுத்த இரண்டு ஆர்டர்களில் ஒன்றைக் காணவில்லை என்பதுதான் பேச்சு. அவர் கேட்டது இவ்வளவுதான். குரலை உயர்த்தவும் இல்லை. நான் அப்போது சர்வர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடையின் பெயரில் அன்று ஒரே ஒரு ஆர்டர், 24 பெட்டிகள். "இங்கே ஒன்றுதான் வந்திருக்கிறது. இரண்டாவதை நீங்கள் சேமித்திருக்க மாட்டீர்கள்" என்றேன். போன் திரையைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், சர்வரில் இருப்பதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படத்தை ஏன் வேண்டாம் என்றேன் என்று இன்று வரை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் இரண்டு ஆர்டர்களும் இருந்திருக்கும். ஒன்று காலை 11:40, மற்றொன்று பகல் 1:15. அந்த இரண்டு நேரங்களைப் பார்த்திருந்தால் தவறு எங்கே என்பது ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு எங்களுக்கு நேர் எதிரான தொல்லை இருந்தது. ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகி, கிடங்கிலிருந்து சரக்கும் இரண்டு முறை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. செயலி ஆர்டரை அனுப்புகிறது. சர்வர் அதை வாங்கிப் பதிந்துகொண்டு "கிடைத்தது" என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் போனை அடைவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. 30 விநாடி காத்திருந்த செயலி, ஆர்டர் போகவில்லை என்று முடிவு செய்து, சிக்னல் வந்ததும் மறுபடியும் அனுப்புகிறது. சிக்னல் முற்றிலும் இல்லாத இடத்தில் இந்தச் சிக்கல் வராது. வந்து வந்து போகும் இடத்தில்தான் வரும். பதில் வராததால் ஆர்டரே போய்ச் சேரவில்லை என்று எண்ணிவிடக்கூடாது என்பதை நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

இதற்குச் சரியான வழி எது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆர்டர் பிறக்கும்போதே போன் அதற்கு ஓர் அடையாள எண்ணைக் கொடுக்கவேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்பவேண்டும். ஏற்கெனவே பார்த்த எண் என்றால், சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே திருப்பித் தரவேண்டும். ஆனால் அதற்குச் செயலியை மாற்றவேண்டும். வெளியில் சுற்றும் பிரதிநிதிகளின் போன்களில் புதிய பதிப்பு ஏறி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கிடங்கோ தினமும் கத்திக்கொண்டிருந்தது. அதனால் சர்வரில் மட்டும் ஒரு விதியை எழுதினேன். ஒரே கடை, ஒரே பொருள்கள், ஒரே அளவு, பத்து நிமிடங்களுக்குள் வந்தால் இரண்டாவதை விட்டுவிடு.

பத்து நிமிடத்தை எந்தக் கடிகாரத்தில் அளப்பது? போனின் நேரம் தவறாக இருக்கலாம், யாரும் அதை மாற்றியும் வைக்கலாம். ஆகவே சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன். இன்றும் அந்தக் காரணம் எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் இணைப்பு இல்லாமல் வேலை செய்வதற்காகவே எழுதிய செயலி அது. காலை முழுவதும் எடுத்த ஆர்டர்கள் போனிலேயே காத்திருந்து, சிக்னல் வந்ததும் வரிசையாக ஒரே மூச்சில் ஏறும். அவருடைய 11:40 ஆர்டரும் 1:15 ஆர்டரும் 2:10 மணிக்கு நான்கு விநாடி இடைவெளியில் வந்தன. கடைக்காரர் அவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு 24 பெட்டி கேட்டதற்கும் முதல் ஆர்டருக்கும் இடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. என் விதிக்கு அது நான்கு விநாடியாகத்தான் தெரிந்தது.

விட்டுவிட்ட ஆர்டருக்கும் சர்வர் "கிடைத்தது" என்றே பதில் சொன்னது. அதையும் தெரிந்துதான் அப்படி எழுதினேன். பிழை என்று பதில் சொன்னால் போன் அந்த ஆர்டரை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆக, அவர் போனில் இரண்டு பச்சை டிக்குகள். அவர் சொன்னது முழு உண்மை.

இரண்டு வாரம் கழித்து வேறு எதையோ தேடி சர்வர் லாக்கைப் புரட்டும்போது, இரட்டை என்று விட்டுவிட்டதைக் குறிக்கும் `duplicate_skipped` என்ற வரி கண்ணில் பட்டது. பக்கத்தில் அந்தக் கடையின் எண். அதற்குள் அவருடைய மேலாளர் "ஆர்டர் அனுப்பத் தவறினார்" என்று எழுதி வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதியிருந்தார். தவறு என்னுடையது என்று மேலாளருக்கு எழுதினேன், அந்தக் குறிப்பும் நீங்கியது. அவரிடமும் போனில் நடந்ததைச் சொன்னேன். அளவு ஒன்றாக இருந்ததால் சர்வர் ஒதுக்கிவிட்டது என்றேன். "சரி, சார்" என்றார்.

பிறகு அடையாள எண் கொண்ட பதிப்பு வந்தது. அதிலும் முதலில் ஒரு தவறு செய்தோம். அனுப்பும் நொடியில் எண்ணை உருவாக்கினோம். ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புது எண் பிறந்தால் அந்த எண்ணால் என்ன பயன்? சோதனையிலேயே அகப்பட்டது, நல்லவேளை. ஆர்டர் படிவம் திறக்கும்போதே எண்ணை உருவாக்கி, ஆர்டரோடு சேர்த்துப் போனில் எழுதிவைத்த பிறகுதான் சரியானது. "சேமி" பொத்தானை அவசரத்தில் இரண்டு முறை அழுத்தினாலும் ஒரே எண்தான். வெறும் டிக்குக்குப் பதிலாகச் சர்வர் கொடுத்த ஆர்டர் எண்ணைத் திரையில் காட்டினோம். எல்லாப் போன்களிலும் புதிய பதிப்பு ஏறியதும் அந்த விதியை நீக்கினேன்.

அப்படியும் ஒன்று மிச்சம் இருந்தது. போனதா இல்லையா என்ற சந்தேகத்தில் பிரதிநிதியே அதே ஆர்டரை மறுபடி தட்டச்சு செய்தால், அது புது எண்ணோடு பிறந்த புது ஆர்டர். அது உண்மையிலேயே இரண்டாவது ஆர்டரா என்பது அவருக்குத்தான் தெரியும், எந்த விதிக்கும் தெரியாது. ஆகவே, அதே நாளில் அதே கடைக்கு அதே அளவு வந்தால் "முன்பு எடுத்ததா, புதியதா?" என்று போனே கேட்கும்படி செய்தோம். சர்வர் கேட்டால் அவர் கடையை விட்டுப் போய் மணிக்கணக்காகியிருக்கும். போன் கேட்டால் கடைக்காரர் எதிரிலேயே இருப்பார். இது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். தினமும் கேட்டால் படிக்காமலேயே "புதியது" என்று அழுத்திவிடுவார்கள் என்கிறார் கூட வேலை செய்பவர். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் அவருடைய ஆர்டர்களை வரிசையாகப் பார்த்தேன். ஒரே கடைக்கு ஒரே நாளில் இரண்டு ஆர்டர்கள், முதலில் 23 என்றும் அடுத்து 25 என்றும் பதிந்திருக்கிறார். கூட்டினால் இரண்டு 24தான். மூன்று வெவ்வேறு நாட்களில், இரண்டு கடைகளுக்கு இப்படி இருக்கிறது. விதியை எடுத்துவிட்டோம் என்று அவருக்கு எழுதியிருந்தேன், அதை அவர் படித்ததற்கான அடையாளமும் இருக்கிறது. போன் கேட்கும் அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்கத்தான் இப்படிச் செய்கிறாரா, இல்லை சர்வரை இனி நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டாரா? கூப்பிட்டுக் கேட்கலாம். எண்ணை எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் அழைக்கவில்லை.