ப்ரொஃபைல் படத்துக்குப் பின்னால் இருக்கும் அறை

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், நாம் பிறர் முன்னால் பழகுவதை ஒரு நாடகமாகப் பார்த்து 1950களில் சொன்ன முன்மேடை, பின்மேடை என்ற கருத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். மேக்கப் இல்லாத முகம், கலைந்த அறை, 'இதுதான் நிஜமான நான்' என்று ஒரு பதிவு. உடனே அதைப் பின்மேடை என்கிறோம். இல்லை. பார்வையாளர் இல்லாத இடம்தான் பின்மேடை. ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் ஒரு ஹோட்டலை அவர் கவனித்தார். சமையலறைக்குள் ஒரு மாதிரி இருந்த பணியாளர்கள், கதவைத் தாண்டி விருந்தினர் முன்னால் வந்ததும் வேறு ஆளாக மாறினார்கள். எல்லாம் அந்தக் கதவில்தான் இருக்கிறது.

சரி, ப்ரொஃபைலில் அந்தக் கதவு எங்கே? தோழி ஒருத்தி படம் மாற்றுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேலரியில் கழித்துக்கட்டிய படங்கள், இன்பாக்ஸில் நெருங்கியவளிடம் "எதைப் போடட்டும்?" என்ற கேள்வி, எழுதி அழித்த வரி. பின்மேடை அதுதான். அந்த நெருங்கியவளும் நாடகக் குழுவில் ஒருத்தி. அதனால்தான் அப்புறம் ஒன்றுமே தெரியாதவள் போல "செம!" என்று கமெண்ட் போடுகிறாள். அதில் பொய் இல்லை, அன்புதான் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பள்ளித் தோழன் ஒருவன் அதே படத்துக்குக் கீழே பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். மேலதிகாரியும் அதைப் படிக்கிறார். நேரில் இந்த இருவரும் ஒரே அறையில் இருந்திருக்கவே மாட்டார்கள். அவள் என்ன பதில் எழுதினாலும் ஒருவருக்கு அந்நியமாகத்தான் தெரியும். பெரும்பாலும் ஒரு சிரிப்பு எமோஜியோடு நிறுத்திக்கொள்வாள்.